தமிழ் ஆய்வுச் சுருக்கம்: ‘பட்டது’க்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உடைந்த வாக்கியம்

கேள்வி: ஆய்வேட்டுக்குத் தமிழிலும் ஒரு சுருக்கம் எழுத வேண்டும் என்றார்கள், எழுதிக் கொடுத்தேன். என் வழிகாட்டி படித்துவிட்டு, “பார்க்க அறிவியல் மாதிரிதான் இருக்கு, ஆனா பாதி வாக்கியம் உடைஞ்சு கிடக்கு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பல முறை படித்தும் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. எங்கே உடைந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

உங்கள் சுருக்கத்தை நான் பார்க்கவில்லை, ஆனாலும் எங்கே உடைந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடியும். தமிழில் எழுதும் ஆய்வுச் சுருக்கங்கள் திரும்பத் திரும்ப ஒரு சில இடங்களில்தான் உடைகின்றன, அதில் முதல் இடம் இரண்டாம் வேற்றுமைக்கு, அதாவது ‘ஐ’ உருபுக்கு. இந்த வாக்கியத்தைப் பாருங்கள் (இங்கே வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் விளக்கத்துக்காக நானே எழுதியவை):

“நீர் மாதிரிகளைச் சேகரிக்கப்பட்டன.”

இது தப்பு என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். ‘மாதிரிகளைச் சேகரித்தோம்’ என்று இருக்க வேண்டும், இல்லையென்றால் ‘மாதிரிகள் சேகரிக்கப்பட்டன’ என்று இருக்க வேண்டும். செயப்பாட்டு வினையில் செயப்படுபொருள்தான் எழுவாய் இடத்துக்கு வருகிறது, எழுவாய்க்கு ‘ஐ’ கிடையாது. சரி, இப்போது அதே வாக்கியத்தை ஒரு சுருக்கத்தில் எப்படி எழுதுவார்களோ அப்படிப் படியுங்கள்:

“நீர் மாதிரிகளை ஏரியின் வடகரையில் மூன்று வாய்க்கால்கள் வந்து சேரும் இடங்களிலும் ஏரியின் நடுப்பகுதியிலும் பருவமழைக்கு முன்பும் பின்பும் அமிலத்தால் கழுவப்பட்ட இரண்டு லிட்டர் பாலித்தீன் புட்டிகளில் சேகரிக்கப்பட்டன.”

அதே தப்புதான், ஆனால் இப்போது கண்ணில் படவில்லை. ‘மாதிரிகளை’ என்பதற்கும் ‘சேகரிக்கப்பட்டன’ என்பதற்கும் நடுவில் இத்தனை இடமும் காலமும் பாத்திரமும் புகுந்துவிட்டதால், முற்றுக்கு வந்து சேரும்போது தொடக்கத்தில் ‘ஐ’ இருந்ததா இல்லையா என்பதே மறந்துபோகிறது. எழுதியவருக்கும் மறந்துபோயிருக்கிறது, அதனால்தான் இந்தத் தப்பே வந்தது.

இது ஏன் இவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், காரணம் தெரிந்தால் தப்பு தானாகவே கண்ணில் படத் தொடங்கும். ஆய்வைச் செய்தவர் நீங்கள். வாக்கியத்தைத் தொடங்கும்போது உங்கள் மனதில் இருப்பது “நாங்கள் மாதிரிகளை எடுத்தோம்” என்பதுதான், ஆகவே பெயர் ‘ஐ’ வாங்கிக்கொண்டு வருகிறது. முற்றுக்கு வரும்போது “நாங்கள் என்று எழுதக் கூடாது, அறிவியல் நடையில் எழுத வேண்டும்” என்ற கட்டுப்பாடு நினைவுக்கு வந்து, கை ‘-ப்பட்டன’ என்று முடிக்கிறது. வாக்கியத்தின் தலை செய்வினையில் இருக்கிறது, வால் செயப்பாட்டு வினையில் இருக்கிறது.

இன்னொரு காரணம் நம் காது. பேச்சுத் தமிழில் ‘சேகரிக்கப்பட்டது’ போன்ற வடிவம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. “தண்ணி எடுத்தோம்”, “தண்ணி எடுத்து வெச்சிருக்கு” என்றுதான் சொல்கிறோம். அதிலும் “செவுத்துல பேர எழுதியிருக்கு” என்று பேசும்போது, செய்தவரைச் சொல்லாமலேயே ‘பேர’ என்று ‘ஐ’யோடுதான் சொல்கிறோம், அது யாருக்கும் உறுத்துவதில்லை. அந்தப் பழக்கத்தோடு எழுத்துக்கு வரும்போது ‘ஐ’யும் ‘பட்டது’ம் ஒரே வாக்கியத்தில் இருந்தால் காது எச்சரிப்பதில்லை. ஆகவே “வாய்விட்டுப் படித்துப் பார், தப்பு தெரியும்” என்ற வழக்கமான அறிவுரை இந்த இடத்தில் மட்டும் பெரிதாக உதவாது. கண்ணால்தான் தேட வேண்டும்.

எப்படித் தேடுவது? வலமிருந்து இடமாகப் போங்கள். தமிழில் முற்று கடைசியில் வருவதால் வாக்கியத்தின் கணக்கெல்லாம் அங்கேதான் தீர்கிறது. முற்றுக்கு அடியில் கோடு போடுங்கள். அது ‘-ப்பட்டது’, ‘-ப்பட்டன’, ‘-ப்படுகிறது’ என்று முடிந்தால், “எது?” என்று மட்டும் கேளுங்கள். எது சேகரிக்கப்பட்டது? விடையாக வரும் பெயர் உருபு எதுவும் இல்லாமல் வாக்கியத்தில் நிற்க வேண்டும். ‘ஐ’யோடு நின்றால் உடைந்துவிட்டது. விடையே கிடைக்கவில்லை என்றாலும் உடைந்துவிட்டதுதான்.

பிறகு வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு ‘ஐ’யையும் எடுத்து, அதற்கு வலப்பக்கம் அதை ஏற்கும் செய்வினை இருக்கிறதா என்று பாருங்கள். அது முற்றாகவே இருக்க வேண்டியதில்லை; ‘கரியைப் பயன்படுத்தி’ என்பதில் ‘பயன்படுத்தி’ என்ற எச்சமே ‘கரியை’ என்பதை வாங்கிக்கொள்கிறது, அது சரி. ‘ஐ விட’, ‘ஐப் பற்றி’, ‘ஐப் பொறுத்தவரை’, ‘ஐக் கொண்டு’ என்று வருபவையும் தாமாகவே முடிந்துவிடும், அவற்றை விட்டுவிடலாம். மிச்சம் அநாதையாக ஒரு ‘ஐ’ நின்றால் அதுதான் நீங்கள் தேடியது.

இப்போது ஒரு முழு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். வேதியியல், சுற்றுச்சூழல் துறைகளில் அடிக்கடி வரும் தலைப்பு இது, கரியை வைத்து நீரிலிருந்து சாயத்தை நீக்குவது. சுருக்கத்தின் நடு வாக்கியம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“இந்த ஆய்வானது சாய ஆலைகளில் இருந்து வெளியேற்றப்படும் கழிவுநீரில் காணப்படும் மெத்திலீன் நீலச் சாயத்தை தேங்காய்ச் சிரட்டையில் இருந்து பாஸ்பாரிக் அமிலம் மூலம் கிளர்வூட்டப்பட்டு தயாரிக்கப்பட்ட கரியைப் பயன்படுத்தி வெவ்வேறு பிஎச் மதிப்புகளில் நீக்கப்பட்டு 664 நானோமீட்டர் அலைநீளத்தில் அளவிடப்பட்டு சாய நீக்கத் திறன் அதிகரிக்கப்பட்டது கண்டறியப்பட்டது.”

மேலோட்டமாகப் படித்தால் கனமான, சரியான அறிவியல் வாக்கியம் போலத்தான் இருக்கிறது. வலப்பக்கத்தில் இருந்து வருவோம்.

முற்று ‘கண்டறியப்பட்டது’. எது கண்டறியப்பட்டது? ‘சாய நீக்கத் திறன் அதிகரிக்கப்பட்டது’ என்று விடை வருகிறது. இரண்டு முற்றுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் ‘என்று’ இருக்க வேண்டும், அல்லது முதல் முற்று ‘அதிகரித்தது’ என்ற தொழிற்பெயராகவே படிக்கும்படி இருக்க வேண்டும். இது சின்ன விரிசல்தான், பத்து நொடியில் ஒட்டிவிடலாம்.

அடுத்து ‘அளவிடப்பட்டு’. எது அளவிடப்பட்டது? வாக்கியத்தில் விடை இல்லை. 664 நானோமீட்டர் என்ற எண் தெரிந்தவர்களுக்கு அது மெத்திலீன் நீலம் ஒளியை மிக அதிகமாக உறிஞ்சும் அலைநீளத்தின் பக்கம் என்று தெரியும், ஆகவே அளந்தது நீரில் மிஞ்சிய சாயத்தின் ஒளி உறிஞ்சலை என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் இலக்கணப்படி அங்கே எழுவாய் இல்லை. இப்படிப்பட்ட இடங்களைத்தான் நான் அதிகம் கவனிப்பேன், ஏனென்றால் எழுதியவருக்கு விடை தெரியும் என்பதால் அது எழுதப்படவில்லை என்பதே அவருக்குத் தெரியாது.

அடுத்து ‘நீக்கப்பட்டு’. எது நீக்கப்பட்டது? சாயம். ஆனால் வாக்கியத்தில் நிற்பது ‘சாயத்தை’. இதோ அந்த அநாதை ‘ஐ’. பக்கத்திலேயே ‘பயன்படுத்தி’ என்று ஒரு செய்வினை எச்சம் இருப்பதால் ‘சாயத்தை’ என்பதற்கு அதுவே துணை என்று கண் ஏமாந்துவிடும். ஆனால் பயன்படுத்தியது கரியை, சாயத்தை இல்லை.

கடைசியாக, வாக்கியத்தின் முதல் சொல்லுக்கு வருவோம். ‘இந்த ஆய்வானது’. ஆய்வானது என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. ‘கண்டறியப்பட்டது’ அதற்குரிய முற்று இல்லை, ‘அளவிடப்பட்டு’ம் இல்லை. எழுவாய் போல ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, கூட்டம் முடியும்வரை வாயே திறக்காமல் எழுந்து போய்விட்டது. ‘ஆனது’ போட்டு எழுவாயைத் தொடங்கும் பழக்கம் பாடநூல் தமிழில் மிகவும் ஊறியிருக்கிறது. தப்பில்லைதான், ஆனால் ‘ஆனது’ போட்டால் அதற்கு ஒரு முற்று கடன்பட்டிருக்கிறீர்கள். இதே நோயின் இன்னொரு வடிவம் “இந்த ஆய்வானது ஏரி நீரின் தரத்தைக் கண்டறிவதே நோக்கமாகும்” என்பது. நோக்கமாக இருப்பது கண்டறிவது. ஆய்வானது அந்தரத்தில் நிற்கிறது. “இந்த ஆய்வின் நோக்கம் ஏரி நீரின் தரத்தைக் கண்டறிவது” என்றால் முடிந்தது. தமிழ்ச் சுருக்கங்களின் முதல் வாக்கியத்தில் இதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஆக, ஒரே வாக்கியத்தில் நான்கு உடைப்புகள். ஆனால் இதைவிட முக்கியமான ஒன்றை இன்னும் சொல்லவில்லை: ‘அதிகரிக்கப்பட்டது’.

இலக்கணப்படி ‘சாய நீக்கத் திறன் அதிகரிக்கப்பட்டது’ முழுமையான வாக்கியம். தப்பு பொருளில் இருக்கிறது. ‘அதிகரித்தது’ என்றால் அளந்து பார்த்தபோது கூடியிருந்தது, அது முடிவு. ‘அதிகரிக்கப்பட்டது’ என்றால் ஆய்வாளர் ஏதோ செய்து கூட்டினார், அது செய்முறை. ஆய்வுச் சுருக்கத்தில் இந்த இரண்டும் கலந்தால் படிப்பவர் எதை நீங்கள் மாற்றினீர்கள், எது தானாக மாறியது என்று பிரிக்க முடியாமல் போகும். “வெப்பநிலை உயர்த்தப்பட்டது, கரைதிறன் உயர்ந்தது” என்பதில் முதலாவது உங்கள் கை, இரண்டாவது இயற்கையின் பதில். இரண்டுக்கும் ‘உயர்த்தப்பட்டது’ போட்டால் சோதனையின் வடிவமே அழிந்துவிடும்.

தமிழில் இதற்கென்றே அழகான இரட்டை வினைகள் இருக்கின்றன: குறைந்தது–குறைத்தோம், கரைந்தது–கரைத்தோம், வளர்ந்தது–வளர்த்தோம், உடைந்தது–உடைத்தோம். தானாக நடந்ததற்கு இடதுபக்கம், நாம் செய்ததற்கு வலதுபக்கம். செயப்பாட்டு வினை வலதுபக்க வடிவத்தில் இருந்து மட்டுமே வரும்: குறைக்கப்பட்டது, கரைக்கப்பட்டது, வளர்க்கப்பட்டது. அறிவியல் நடை என்று எல்லாவற்றிலும் ‘பட்டது’ ஒட்டத் தொடங்கியவர்கள் “செடிகள் வளரப்பட்டன”, “செறிவு குறையப்பட்டது” என்றுகூட எழுதுகிறார்கள். அது உடனே தெரிந்துவிடும், ஆகவே ஆபத்து குறைவு. ஆபத்தானது ‘அதிகரி’ போன்ற வினை. அது இரண்டு பக்கத்துக்கும் ஒரே வடிவம், ‘விலை அதிகரித்தது’ என்றும் சொல்லலாம், ‘விலையை அதிகரித்தார்கள்’ என்றும் சொல்லலாம். அதனால் ‘அதிகரிக்கப்பட்டது’ என்று எழுதினால் வாக்கியம் முனகாமல் தப்பான பொருளைச் சுமந்துகொண்டு நிற்கும். முடிவைச் சொல்லும் வாக்கியங்களில் ‘பட்டது’ வந்தால் ஒவ்வொன்றையும் நிறுத்தி, “இதை நான் செய்தேனா, இது நடந்ததா?” என்று கேளுங்கள்.

இனி எச்சங்கள். ‘செய்து’ என்ற வகை வினையெச்சத்தின் எழுவாயும் முற்றின் எழுவாயும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது தொல்காப்பியத்திலேயே இருக்கும் விதி. “கரைசலைச் சூடாக்கி நிறம் மாறியது” என்று எழுதினால் சூடாக்கியது நிறம் என்றாகிவிடும். “கரைசலைச் சூடாக்கியபோது நிறம் மாறியது” என்றோ “சூடாக்க, நிறம் மாறியது” என்றோ எழுத வேண்டும். ‘செய’, ‘செய்தபோது’, ‘செய்ததும்’ ஆகியவை வேறு எழுவாயைத் தாங்கும், ‘செய்து’ தாங்காது.

இதற்கு விலக்கு இருக்கிறது என்று யாராவது உங்களிடம் வாதிடலாம், அவர்கள் சொல்வதும் சரிதான். “மழை பெய்து குளம் நிறைந்தது” என்பதை யாரும் தப்பு என்று சொல்வதில்லை, பழைய உரைகளிலும் “ஞாயிறு பட்டு வந்தான்” என்பதை ‘பட’ என்ற பொருளில் எடுத்துக்கொண்டு ஏற்றிருக்கிறார்கள். செயப்பாட்டு வினையில் இன்னொரு சலுகையும் நடைமுறையில் இருக்கிறது. “மாதிரியை உலர்த்தி, பொடித்து, சலித்து, ஈயத்தின் அளவு கண்டறியப்பட்டது” என்ற வாக்கியத்தில், கறாராகப் பார்த்தால் உலர்த்தியது ‘அளவு’ இல்லை. ஆனால் உலர்த்தியவரும் கண்டறிந்தவரும் சொல்லப்படாத அதே ஆய்வாளர் என்பதால் படிப்பவர் தடுக்குவதில்லை. நான் இதைத் திருத்தாமல் விட்டுவிடுவேன். எங்கே விடமாட்டேன் என்றால், நடுவில் ஓர் எச்சத்தின் எழுவாய் மாறும் இடத்தில்: “மாதிரியை உலர்த்தி, எடை குறைந்து, பொடிக்கப்பட்டு, கண்டறியப்பட்டது.” உலர்த்தியவர் ஆள், குறைந்தது எடை, பொடிக்கப்பட்டது மாதிரி, கண்டறியப்பட்டது எதுவென்றே தெரியவில்லை. நான்கு வினைகளுக்கு நான்கு வேறு எழுவாய்கள், ஆனால் எல்லாம் ஒரே சங்கிலியில் கோத்தது போல ஒலிக்கிறது. சுருக்கத்தில் சொல் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருப்பதால் எல்லாவற்றையும் எச்சமாக்கி ஒரே வாக்கியத்தில் திணிக்கத் தோன்றும், உண்மையில் இரண்டாக வெட்டினால் ஒன்றிரண்டு சொற்கள்தான் கூடும்.

பெயர்த்தொடர்களுக்கு வருவோம். ஆங்கிலத்தில் தலைப்பெயர் முதலில் வந்து, அதைப் பற்றிய விவரங்கள் பின்னால் வால்போல வரலாம். தமிழில் விவரம் எல்லாம் முன்னால், தலைப்பெயர் கடைசியில். ஆகவே ஆங்கிலச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு தமிழில் எழுதும்போது, ‘கரி’ என்ற சொல்லைத் தொடுவதற்கு முன்பே சிரட்டை, அமிலம், கிளர்வூட்டல், தயாரிப்பு எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்க வேண்டியிருக்கிறது. இந்த முன்சுமையில் எது எதோடு சேர்கிறது என்பது குழம்பும்.

மேலே உள்ள வாக்கியத்திலேயே பாருங்கள்: “தேங்காய்ச் சிரட்டையில் இருந்து பாஸ்பாரிக் அமிலம் மூலம் கிளர்வூட்டப்பட்டு தயாரிக்கப்பட்ட கரி.” கிளர்வூட்டப்பட்டது எது? சிரட்டையா, கரியா? இது இலக்கண விளையாட்டு இல்லை, ஆய்வகத்தில் இரண்டும் வேறு வேறு வேலை. சிரட்டைத் தூளையே நேராகப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சூடாக்குவது ஒரு வழி, இந்த அமிலத்துக்குப் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். முதலில் சிரட்டையைக் கரியாக்கிவிட்டு, அப்புறம் அந்தக் கரியை வேதிப்பொருளோடு சேர்த்து மறுபடி சூடாக்குவது இன்னொரு வழி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பயன்படுத்துகிறவர்கள் அதிகம் போகும் பாதை. ‘கிளர்வூட்டப்பட்டு தயாரிக்கப்பட்ட’ என்ற இரண்டு ‘பட்ட’களும் சேர்ந்து, எந்த வழியில் செய்தீர்கள் என்பதை மறைத்துவிட்டன. “சிரட்டைத் தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சூடாக்கிக் கரி தயாரித்தோம்” என்றால் சந்தேகமே இல்லை.

இதே போல, “அதிக வெப்பநிலையில் தயாரிக்கப்பட்ட கரியின் சாய நீக்கத் திறன் கூடியது” என்று எழுதியவர், சாயத்தை நீக்கும் சோதனையை அதிக வெப்பநிலையில் செய்ததைச் சொல்ல நினைத்திருக்கலாம். ஆனால் ‘அதிக வெப்பநிலையில்’ என்பது தனக்கு அடுத்து வரும் வினையைத்தான் பற்றிக்கொள்ளும், இங்கே அது ‘தயாரிக்கப்பட்ட’. படிப்பவர் உலையின் வெப்பநிலையை நினைப்பார், எழுதியவர் நீரின் வெப்பநிலையை நினைத்திருப்பார். ஒன்று பல நூறு டிகிரி, மற்றது சில பத்து டிகிரி. அடையை அதற்குரிய வினைக்கு ஒட்டினாற்போலக் கொண்டுபோய் வையுங்கள்: “இந்தக் கரி, நீரின் வெப்பநிலை உயர்ந்தபோது சாயத்தை அதிகமாக நீக்கியது.”

வினையே இல்லாமல் பெயர்களை மட்டும் அடுக்குவது இன்னும் மோசம். “சிரட்டைக் கரி சாய நீக்கத் திறன் மேம்பாட்டு மதிப்பீடு” என்று ஆறேழு பெயர்களை வேற்றுமை உருபு இல்லாமல் வரிசையாக நிறுத்தினால், கரி சாயத்தை நீக்குகிறதா, கரியில் உள்ள சாயம் நீக்கப்படுகிறதா, மேம்பட்டது திறனா மதிப்பீடா என்று உருபுகளைப் படிப்பவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். தொகை என்பது தமிழுக்கு இயல்பானதுதான், இரண்டு மூன்று பெயர் வரைக்கும் சுகமாக நிற்கும். அதற்கு மேல் போனால் நடுவில் ஒரு ‘இன்’, ஒரு ‘ஐ’, ஒரு வினை போட்டுப் பிரியுங்கள். பிரிக்கும்போது உருபு எது என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால், அந்த இடத்தில் கருத்தும் தெளிவாக இல்லை என்று பொருள்.

‘பட்ட’களைக் குறைக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது, ஏனோ பலரும் இதைப் பயன்படுத்துவதில்லை. தமிழ்ப் பெயரெச்சத்துக்குச் செயப்பாட்டு வடிவம் பெரும்பாலும் தேவையே இல்லை. ‘எழுதிய கடிதம்’ என்றால் கடிதம் எழுதியது என்று யாரும் நினைப்பதில்லை. ஆகவே ‘சேகரிக்கப்பட்ட மாதிரிகள்’ என்பது ‘சேகரித்த மாதிரிகள்’ ஆகலாம், ‘பயன்படுத்தப்பட்ட கரைசல்’ என்பது ‘பயன்படுத்திய கரைசல்’ ஆகலாம், ‘கழிவுநீரில் காணப்படும் சாயம்’ என்பது ‘கழிவுநீரில் உள்ள சாயம்’ ஆகலாம். இதைச் செய்தாலே சுருக்கத்தில் பாதி ‘பட்ட’ போய்விடும், மிச்சம் இருப்பவை வெளிச்சத்துக்கு வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தப் பெயராலும் அந்த வேலையைச் செய்ய முடியும் என்றால் ‘பட்ட’ வேண்டும். ‘தாக்கிய செல்கள்’ என்றால் தாக்கியவை அந்தச் செல்களா, தாக்குதலுக்கு ஆளானவை அவையா என்று தெரியாது. அங்கே ‘தாக்கப்பட்ட செல்கள்’ என்றே வையுங்கள். உயிரியல் சுருக்கங்களில் இது அடிக்கடி வரும்.

ஒருமை பன்மைத் தப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘மாதிரிகள்… சேகரிக்கப்பட்டது’ என்று வருவதற்குக் காரணமும் பேச்சுதான், “மாடுங்க வந்துச்சு” என்று பேசுகிறவர்கள் நாம். எழுவாய் ‘கள்’ வாங்கியிருந்தாலோ, ‘நிறமும் அடர்த்தியும்’ என்று இரண்டு ‘உம்’ இருந்தாலோ முற்று ‘ன’வில் முடிய வேண்டும். எழுவாயைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு இதைச் சரிபார்க்க ஒரு நொடி போதும்.

சரி, அந்த உடைந்த வாக்கியத்தை எப்படி எழுதலாம்? நான் இப்படி எழுதுவேன்:

“தேங்காய்ச் சிரட்டைத் தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சூடாக்கிக் கரி தயாரித்தோம். சாய ஆலைக் கழிவுநீரில் உள்ள மெத்திலீன் நீலத்தை இந்தக் கரி எந்த அளவு நீக்குகிறது என்று வெவ்வேறு பிஎச் மதிப்புகளில் சோதித்தோம். நீரில் மிஞ்சிய சாயத்தின் ஒளி உறிஞ்சலை 664 நானோமீட்டர் அலைநீளத்தில் அளந்தோம். பிஎச் உயர உயர சாயம் அதிகமாக நீங்கியது.”

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். பழைய வாக்கியத்தில் ‘திறன் அதிகரிக்கப்பட்டது’ என்று மட்டும்தான் இருந்தது. எதோடு ஒப்பிட்டு, எது மாறியபோது என்ற செய்தியே அதில் இல்லை. எலும்பை நிமிர்த்தி வைக்கப் போனபோதுதான் அந்த ஓட்டை தெரிகிறது, அதை இட்டு நிரப்ப நீங்கள் உங்கள் தரவுக்குத் திரும்பிப் போக வேண்டும். மெத்திலீன் நீலம் நேர்மின்சுமை உள்ள சாயம், பிஎச் உயரும்போது கரியின் பரப்பு எதிர்மின்சுமைப் பக்கம் சாய்வதால் சாயம் அதிகம் ஒட்டும் என்பது பொதுவாக எதிர்பார்ப்பது, அதனால் நான் அப்படி எழுதினேன். உங்கள் ஆய்வில் வேறு மாதிரி வந்திருந்தால் அதை எழுதுங்கள், அதோடு எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்றும் சேர்த்தால் இன்னும் நல்லது.

“எங்கள் சார் ‘தோம்’ என்றாலே அடித்துவிடுவார்” என்று சொல்லப் போகிறீர்கள், தெரியும். அவரோடு சண்டை போட வேண்டாம், ஆனால் ஒரு தகவலுக்காக: நேச்சர் குழும இதழ்கள் தங்கள் கட்டுரையாளர்களுக்குச் செய்வினையில் எழுதுவதையே விரும்புவதாகச் சொல்கின்றன, 1953இல் டிஎன்ஏ அமைப்பை அறிவித்த வாட்சன்–கிரிக் கட்டுரை ‘நாங்கள்’ என்றுதான் தொடங்குகிறது. செயப்பாட்டு வினை கெட்டது என்றும் நான் சொல்லவில்லை. “மாதிரிகள் உறைநிலையில் வைக்கப்பட்டன” என்பதில் யார் வைத்தார் என்பது யாருக்கும் தேவையில்லை, அங்கே அது சரியான வடிவம். அவர் கேட்பது முழுக்கச் செயப்பாட்டு வினைதான் என்றால் இப்படிக் கொடுங்கள்:

“தேங்காய்ச் சிரட்டைத் தூள் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைக்கப்பட்டு, சூடாக்கப்பட்டு, கரியாக்கப்பட்டது. இந்தக் கரி கழிவுநீரில் உள்ள மெத்திலீன் நீலத்தை நீக்கும் அளவு வெவ்வேறு பிஎச் மதிப்புகளில் சோதிக்கப்பட்டது. நீரில் மிஞ்சிய சாயத்தின் ஒளி உறிஞ்சல் 664 நானோமீட்டர் அலைநீளத்தில் அளவிடப்பட்டது. பிஎச் உயர உயர சாயம் அதிகமாக நீங்கியது.”

முதல் வாக்கியத்தில் ஊறவைக்கப்பட்டதும் சூடாக்கப்பட்டதும் கரியாக்கப்பட்டதும் ஒரே தூள், ஆகவே மூன்று ‘பட்டு’ம் ஒரே எழுவாயில் நிற்கின்றன. இரண்டாவதில் ‘நீலத்தை’ என்ற ‘ஐ’யை ‘நீக்கும்’ வாங்கிக்கொண்டது. கடைசி வாக்கியத்தில் மட்டும் ‘பட்டது’ இல்லை, அது இயற்கையாக நடந்தது. அங்கே மட்டும் சாரிடம் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கோப்பைத் திறந்து ‘ப்பட்ட’ என்றும் ‘ப்படு’ என்றும் தேடுங்கள், ஒவ்வொரு இடத்திலும் நின்று “எது?” என்று கேளுங்கள். விடை சொல்லத் தடுமாறும் வாக்கியத்தைப் பக்கத்து மேசை நண்பரிடம் பேச்சுத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். “சிரட்டைத் தூள ஆசிட்ல ஊற வெச்சு, சூடு பண்ணி, கரி எடுத்தோம், அத வெச்சு…” என்று வாய் தானாகச் சரியான வரிசையில் சொல்லிவிடும், ஏனென்றால் பேச்சில் ‘பட்டது’ இல்லை, ஒளிவதற்கு இடமும் இல்லை. சொன்னதை அப்படியே எழுத்து நடையில் எழுதிவிட்டு, தேவைப்பட்டால் அதன் பிறகு செயப்பாட்டு வினைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது ‘ஐ’யையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

தமிழ்ச் சுருக்கம் சரியானதும் ஆங்கிலச் சுருக்கத்தையும் பக்கத்தில் வைத்து அதே இடங்களைப் பாருங்கள். ‘யூசிங்’ என்று தொடங்கி, யார் பயன்படுத்தினார் என்று சொல்லாமலேயே செயப்பாட்டு வினையில் முடியும் வாக்கியம் அங்கேயும் இருக்க வாய்ப்பு அதிகம். தானாகக் கூடிய திறனுக்கு ‘வாஸ் இன்க்ரீஸ்டு’ போட்டிருந்தால், தமிழில் ‘அதிகரிக்கப்பட்டது’ எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடும். அங்கே ‘வாஸ்’ஸை எடுத்தால் போதும்.